ஒரு சதவீதத்தின் வர்க்கமூலம்

அந்த டிசம்பரில் தாம்பரத்துக்கு மேலே வானம் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. ஊரப்பாக்கத்தில் மாடியறை, மின்சார ரயிலில் மாத சீசன், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பதைவிட, பாடம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம். ஓரிடத்தில் நிற்கிற சுபாவம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்த ஆண்டுதான் முதன்முறையாக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனேன். ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கல்லூரியின் நூலக மாடி. நீள நீள மேசைகள். மேசைக்கு ஆறு பேர். மேசைக்குத் தலைமையாக ஒரு மேடம். ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடிக்கு மேலே பார்க்கும் பார்வை, அதட்டலும் சிரிப்பும் ஒரே குரலில். என் வலப்பக்கம் கேளம்பாக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர். எல்லோரையும் 'பாஸ்' என்பார், என்னையும், தண்ணீர் கேனையும். கதவோரம் கட்டுகளைக் கொடுத்து வாங்குகிற அக்கா. நூல் கண்டு, கத்தரி, ஒரு பதிவேடு: மூன்றும் அவருடைய ராஜ்ஜியம். விடைத்தாள்களில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, கல்லூரி இருக்காது. ஒரு போலி எண் மட்டும். இருபத்தைந்து தாள்கள் ஒரு கட்டு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

திருத்துவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. உறையைப் பிரித்து விடைக்குறிப்பை மேடம் உரக்க வாசிப்பார். 'கீ' என்பார்கள் அதை. யாருக்காவது மறுப்பு இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆறு பேரும் அதன் அடியில் கையெழுத்துப் போடவேண்டும். போட்ட பிறகு அந்தத் தாள் சட்டம்.

பதினேழாவது கேள்விக்கு எட்டு மதிப்பெண். இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரே ஒரு டிசிபி இணைப்பு. தரவைத் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாக அனுப்புகிறது. ஒரு பாக்கெட் 1460 பைட். போய், பதில் வாங்கித் திரும்பிவர 100 மில்லிசெகண்ட். வழியில் தொலைவது ஒரு சதவீதம். லைன் பத்து மெகாபிட். அப்படியானால் இந்த ஓர் இணைப்பு வினாடிக்கு எத்தனை பிட் கொண்டுபோகும்? இழப்பு நான்கு சதவீதமானால் வேகம் என்ன ஆகும்?

இதற்குப் பரீட்சைக்கென்றே பிறந்தது மாதிரி ஒரு சூத்திரம் இருக்கிறது. பாக்கெட்டின் அளவைப் போய்வரும் நேரத்தால் வகு. 1.22ஆல் பெருக்கு. இழப்பு விகிதத்தின், அதாவது p என்பதன், வர்க்கமூலத்தால் வகு. அவ்வளவுதான். மாணவர்கள் இதைக் கழுத்துச் சங்கிலி மாதிரி போட்டுக்கொண்டு தேர்வறைக்குள் நுழைவார்கள்.

மேடம் வாசித்தார்: "ஒன்று புள்ளி இரண்டு இரண்டு, இன்டு ஆயிரத்து நானூத்தி அறுபது, பை பாயிண்ட் ஒன், இன்டு ரூட் ஒன். ரூட் ஒன் இஸ் ஒன். பதினேழாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு பைட். எட்டால பெருக்கினா ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சம் பிட். நாலு பர்சென்ட்டுக்கு ரூட் ஃபோர், ரெண்டு. வேகம் பாதி. ஓகேவா?"

ஆறு கால்குலேட்டர்கள் தட்டப்பட்டன. ஆறிலும் 17812. ஆறு தலைகள் ஆடின. ஆடிய தலைகளில் ஒன்று என்னுடையது. வகுப்பில் வாரத்துக்கு ஒருமுறை, "சதவீதத்தை நூறால வகுத்துட்டுப் போடுங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்துகிற அதே தலை. ஆடியது. கையெழுத்தும் போட்டேன், பேரழகாக, கீழே ஒரு கோடு இழுத்து.

பிறகு வேலை. சிவப்புப் பேனா வயலில் கொக்கு மாதிரி குனிந்து குனிந்து எழுந்தது. எட்டாவது தாளில் முதல் முறையாகக் கண்ணில் பட்டது: 178120. கீயில் 17812. ஒரு பூஜ்யம் கூடுதல். புள்ளியை இடம் மாற்றிவிட்டது பிள்ளை என்று நினைத்துச் சூத்திரத்துக்கு இரண்டு, கடைசிப் பகுதிக்கு இரண்டு போட்டு நகர்ந்தேன். பதினோராவது தாளில் அதே பூஜ்யம். பதினான்கில். பத்தொன்பதில்.

பத்தொன்பதாவது தாளை மட்டும் மறக்க முடியவில்லை. நீல மை, சற்றே இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. சூத்திரத்துக்குப் பக்கத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு படம்: ஏறி ஏறி, சட்டென்று பாதிக்கு விழுந்து, மறுபடி ஏறுகிற கோடு. அதற்கும் நான்குதான் போட்டேன். முகப்பில் கூட்டினேன். நாற்பத்தேழு. ஐம்பது வந்தால் தேர்ச்சி. மூன்று மதிப்பெண்ணுக்காக இன்னொரு ஆறு மாதம், இன்னொரு முறை இதே பாடம். எத்தனையோ கம்பெனிகள் அப்போது நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தன; வேலைக்கான கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 'அரியர் இருந்தால் செல்லாது' என்று கீழே ஒரு வரி எழுதியிருப்பார்கள். இந்தத் தாளுக்கும் அப்படி ஒரு கடிதம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. எங்கேயாவது அரை மதிப்பெண் தேறுமா என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினேன். தேறவில்லை. நாற்பத்தேழு என்று எழுதினேன். இருபத்துமூன்றாவது தாளிலும் அதே பூஜ்யம். மிச்சத்தையும் முடித்துக் கட்டை அக்காவிடம் கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் இந்த ஐந்து தாள்களின் விவகாரத்தைக் கேளம்பாக்கத்துக்காரரிடம் சொன்னேன்.

"அஞ்சு பேரா? ஒரே நம்பரா? காப்பி பாஸ், காப்பி. இதுல என்ன யோசனை, அந்த ஊறுகாயத் தள்ளுங்க."

"கலைச்சுப் போட்ட கட்டு சார். ஒருத்தன் திண்டிவனத்துல எழுதியிருப்பான், ஒருத்தி ஆவடில. எப்படிக் காப்பி அடிப்பாங்க?"

அவர் கை தயிர்சாதத்தில் நின்றது. "என் கட்டுலயும் மூணு பேர் இருக்கான் பாஸ்."

அவர் டிபன் பாக்ஸைச் சுற்றிவந்த செய்தித்தாளை நான் பிரித்து விரித்தேன். ஒரு நகைக்கடை விளம்பரத்தின் வெள்ளை ஓரத்தில் அந்த ரம்பப் பல்லை வரைந்தேன். சூத்திரம் வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம், கையாலேயே எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

டிசிபிக்கு ஒரு குணம் உண்டு. முதல் நடைக்கு, அதாவது ஒருமுறை போய்வருவதற்கு, கொஞ்சம் அனுப்பும். பதில் வந்தால் அடுத்த நடைக்கு ஒரு பாக்கெட் கூட்டும். அதற்கும் பதில் வந்தால் இன்னொன்று. எப்போது ஒன்று தொலைகிறதோ அப்போது பயந்து பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு மறுபடி ஒன்று ஒன்றாக ஏறும். பயப்படும், ஆசைப்படும், பயப்படும். அந்த வயதில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். அதனாலோ என்னவோ எனக்கு அது நெருக்கம்.

"ஒரு நடைக்கு எட்டுல ஆரம்பிக்குதுன்னு வைங்க சார். எட்டு, ஒம்பது, பத்து... பதினாறு வரைக்கும். மொத்தம் கூட்டுங்க."

அவர் விரல்களில் எண்ணினார், சாதம் ஒட்டிய விரல்கள். "நூத்தி எட்டு."

"நூத்துக்கு ஒண்ணு தொலையுதுன்னு கேள்வி சொல்லுது. அப்போ சுமாரா இந்த இடத்துல ஒண்ணு போகும். பதினாறு பாதியாகி எட்டு. மறுபடி இதே ஏத்தம். சராசரி நடைக்கு எவ்வளவு?"

"எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவுல... பன்னெண்டு."

"வினாடிக்குப் பத்து நடை. நூத்தி இருபது பாக்கெட். இன்டு ஆயிரத்து நானூத்தி அறுபது."

கால்குலேட்டர் எடுத்தார். ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்து இருநூறு. அதைத் திருப்பி என்னிடம் காட்டினார், குழந்தையின் முகத்தைக் காட்டுவது மாதிரி. பதினேழாயிரம் எங்கே, இது எங்கே. அந்த ஐந்து பேரும் எழுதிய 178120 பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில் நின்றது.

"பாஸ்," என்றார் மெதுவாக, "கீ தப்பு. நாம கையெழுத்துப் போட்டுட்டோம்."

மணி ஒன்றரை. காலைக் கட்டுகளின் மதிப்பெண் பட்டியல்களை ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்கு வேன் கிளம்பிவிடும். போய்விட்டால் நாற்பத்தேழு நாற்பத்தேழுதான். கையைக்கூட சரியாகக் கழுவாமல் மாடிப்படி ஏறினேன்.

மேடம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"காலையில கேட்டேனே சார், ஓகேவான்னு. நீங்கதானே மொதல்ல தலையாட்டினீங்க?"

"ஆட்டினேன் மேடம். தப்பா ஆட்டிட்டேன்."

"சரி, உங்க ஆன்சர் என்ன?"

"பதினாலு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பிட். ஒண்ணு புள்ளி நாலு மெகாபிட்."

மேடம் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஒன்றரை மெகாபிட்டா? எங்க வீட்டுல இருநூத்தி அம்பத்தாறு கிலோபிட்னு சொல்லி பிராட்பேண்ட் குடுத்திருக்கான். அது நூத்தம்பதைத் தொட்டா நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன். கீ சொல்ற நூத்தி நாப்பத்திரெண்டு எனக்கு நல்லாப் பழகின நம்பர் சார். அதைப் பார்த்ததும் சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காலையில் ஆறு தலைகள் ஏன் ஆடின என்று. எல்லோர் வீட்டிலும் அதே வேகம். எல்லோரும் ராத்திரி அந்த எண்ணோடுதான் சண்டை போட்டுவிட்டுப் படுக்கிறோம்.

"மேடம், உங்க வீட்டு லைனே அவ்வளவுதான். கேள்வியில லைன் பத்து மெகாபிட். ரோட்டுல இடம் நிறைய இருக்கு. வண்டியை இழுத்துப் பிடிக்கிறது இழப்பும் தூரமும்தான்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "p-ன்னா என்ன மேடம்?"

"என்ன சார், எனக்கே வைவாவா? தொலையறதுக்கான வாய்ப்பு."

"கீயில p எவ்வளவு போட்டிருக்கு?"

"ஒண்ணு."

"வாய்ப்பு ஒண்ணுன்னா?"

ஆரஞ்சுச் சுளை வழியிலேயே நின்றது. எனக்குப் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்த கேளம்பாக்கத்துக்காரர் முடித்துவைத்தார்: "எல்லாமே தொலையுதுன்னு அர்த்தம் மேடம். ஒரு பாக்கெட்டும் போய்ச் சேராது. ஆனா கீப்படி வினாடிக்கு ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம் பிட் போய்ச் சேருது. ஆவியா வந்து எறங்குது போல!"

மேடம் கீயை இழுத்து வைத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். அடுத்த வரிக்கு விரல் போனது. "இங்க நாலுன்னு போட்டிருக்கே..."

"ஆமா மேடம். ஒரு பாக்கெட் அனுப்பினா நாலு தொலையுது. அனுப்பாத மூணையும் சேர்த்து," என்றார் அவரே.

முதலில் சிரித்தது மேடம்தான். அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த மேசை திரும்பியது. விஷயம் மேசை மேசையாகப் பரவ, நூலக மாடி முழுக்கச் சிரிப்பு நடந்துபோயிற்று. "அனுப்பாத மூணு!" என்று யாரோ கடைசி வரிசையிலிருந்து கத்தினார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் மேடம் தாளை எடுத்து அவரே போட்டுப்பார்த்தார். 0.01இன் வர்க்கமூலம் 0.1. அதனால்தான் சரியாகப் பத்து மடங்கு வித்தியாசம். நான்கு சதவீதத்துக்கு 0.04, வர்க்கமூலம் 0.2, அப்போதும் வேகம் பாதிதான். "பாதிங்கறது ரெண்டு வழியிலயும் சரியா வருது," என்றார். "இழப்பு நாலு மடங்கானா வேகம் பாதி. விகிதம் மாறல. அதனாலதான் தப்பு கண்ணுல படாம ஒளிஞ்சிருக்கு, கடங்காரத் தப்பு."

முகாம் அலுவலரின் அறைக்கு அவரே போனார். ஒப்புதலோடு திரும்பும்போது மணி இரண்டேகால். மேசைகளைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"பதினேழுக்கு ஸ்கீம் மாறுது. சூத்திரத்துக்கு ரெண்டு. p-யை பாயிண்ட் சீரோ ஒன்னுன்னு போட்டிருந்தா ரெண்டு. பிட்டுல விடைக்கு ரெண்டு. பாதின்னு சொன்னா ரெண்டு. காலைக் கட்டு எல்லாத்தையும் பிரிச்சுத் திருத்துங்க."

ஒரு பெருமூச்சு மாடி முழுக்க. "அப்போ p ஒண்ணுன்னு எழுதி எட்டு வாங்கினவங்க?" என்று ஒருவர்.

"நாலு. கீயே தப்பு பண்ணினாலும் தப்பு தப்புதான்."

நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு, அதோடு 0.01க்கு இரண்டு: நாற்பத்தொன்பது. விடைக்கு இரண்டு கிடைத்தால் ஐம்பத்தொன்று. ஆனால் அந்தத் தாள் 178120லேயே நின்றுவிட்டது. எட்டால் பெருக்கவில்லை. கேள்வி கேட்டது பிட். தாள் சொன்னது பைட். நாற்பத்தொன்பது! நாற்பத்தேழைவிடக் கொடுமையான எண் அது.

யாராவது கேட்கமாட்டார்களா என்று தவித்தேன். நான் கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தாளுக்காக ஸ்கீமை வளைக்கச் சொல்வது முறையில்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "மேடம், பைட்லயே விட்டிருந்தா?"

"கேட்டது பிட். கிடையாது."

"கணக்கு முழுக்கச் சரியா இருக்கு மேடம். எட்டால பெருக்கலேன்னு ரெண்டையும் வெட்டறதா?"

மேடம் யோசித்தார். "சரி. ஒண்ணு குடுங்க. ஆனா பைட்ஸ் பெர் செகண்ட்னு எழுதியிருக்கணும். வெறும் நம்பரா விட்டிருந்தா ஒண்ணும் கிடையாது. யூனிட் இல்லாத நம்பர் அட்ரஸ் இல்லாத வீடு."

எழுதியிருந்ததா? எனக்கு ஞாபகம் வரவில்லை. நீல மை ஞாபகம் இருந்தது, சாய்ந்த எழுத்து, ரம்பப் பல், 178120. அதற்கப்புறம் வெள்ளைத் தாள்தான் மனசில் வந்தது. கதவோரம் ஓடினேன்.

"அக்கா, என் காலைக் கட்டு."

"கட்டியாச்சு சார். நூலு போட்டுக் கட்டி அடுக்கியாச்சு. வேன் வந்துகினு கீதுன்னு இப்பத்தான் வாசல்லேர்ந்து போன் வந்துச்சு."

"பிரிக்கணும்கா. மேடம் சொல்லிட்டாங்க."

"வாயால சொன்னா ஆவாது. சீட்டு கீதா?"

"எல்லாக் கட்டுக்கும் மேடம் எழுதிக்கிட்டு இருக்காங்க."

"எய்தட்டும், எய்தினு வரட்டும். சீட்டு இல்லாம நான் நூலத் தொட்டேன்னு வையி, நாளைக்கு என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ. இன்னா சார் இவ்ளோ பேஜாரு பண்ற, மொத தபாவா முகாமுக்கு?"

"ஆமாக்கா."

"மூஞ்சிலயே தெரீது."

மேடம் சீட்டுகளோடு வந்தார். அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கத்தரியை எடுத்தார். என் கட்டு மூன்றாவது. நூல் அறுந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நிதானமாக, வரிசைப்படிதான் திருத்த வேண்டும். எட்டாவது தாள், பதினொன்று, பதினான்கு: மூன்றிலும் பிட்டில் விடை, முழு எட்டு. நடுவே p-யை ஒன்று என்று போட்ட ஒன்பது பேருக்கு நான்கு நான்கு குறைந்தது. ஒருவருக்கு அறுபத்தொன்று ஐம்பத்தேழாயிற்று. மற்றவர்களும் தப்பித்தார்கள், யாரும் ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

பத்தொன்பது. பக்கத்தைத் திருப்பினேன். 178120. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. வரி தாளின் வலது ஓரத்தோடு முடிந்திருந்தது, இடமே இல்லை. ஆனால் கீழே, அடுத்த வரியின் இடது மூலையில், இடமில்லாத பேருந்தில் கடைசியாக ஏறிய ஆள் மாதிரி ஒண்டிக்கொண்டு, சின்ன எழுத்தில்: பைட்ஸ் பெர் செகண்ட்.

0.01க்கு இரண்டு. விடைக்கு ஒன்று. முகப்புக்குப் போய் நாற்பத்தேழை அடித்தேன். ஐம்பது என்று எழுதினேன், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். காலையில் கீயின் அடியில் போட்டதைப்போலக் கோடு எதுவும் இழுக்கவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். கேளம்பாக்கத்துக்காரரிடம் கொடுத்து அவரையும் கூட்டச் சொன்னேன்.

"அம்பது பாஸ். சுத்தமான அம்பது." என் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்ச பையனா?"

"பையனா பொண்ணான்னே தெரியாது சார்."

கீழே வேன் ஹாரன் அடித்தது. மிச்ச ஆறு தாள்களையும் முடித்து, பட்டியலையும் திருத்தி, கட்டோடு கதவுக்கு ஓடினேன். அக்கா பட்டியலில் அடித்துத் திருத்தியிருந்த இடங்களை விரலால் எண்ணினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒப்பம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தலையை உயர்த்தினார்.

"இன்னா சார், லாட்டரி அடிச்ச மாரி சிரிக்கிற?"

"ஒருத்தர் பாஸாயிட்டாங்கக்கா."

"யாரு, உங்க ஆளா?"

"யாருன்னு தெரியாது. நம்பர்தான் தெரியும்."

"நம்பரு பாஸாச்சா? நல்லா கீது போ." கட்டை என் பக்கம் தள்ளினார். "அந்த மூலைல விரல வையி, கட்டணும். அய்த்திப் புடி."

நூல் விரலுக்கு மேல் இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்று விழும் முன் விரலை உருவிக்கொண்டேன்.